மேல் ஸ்பீக்கரில் கந்தகத் தூள்

என்னைச் சந்தேகப் பேர்வழி என்று சொல்கிறவர்கள் சுருளிப்பட்டியில் நிறையப் பேர். சொல்லிவிட்டுப் போகட்டும். பன்னீர் திராட்சை பயிரிடுகிறவன் சந்தேகப்படாமல் பிழைக்க முடியாது. இலைக்கு அடியில் வெள்ளையாக ஒரு பொட்டு தெரிந்தால் அது சாம்பல் நோய்தானா என்று பார்க்க வேண்டும். கேரளாவிலிருந்து வரும் வியாபாரி காலையிலேயே சிரித்துக்கொண்டு வந்தால் ஏன் சிரிக்கிறான் என்று யோசிக்க வேண்டும். முப்பது வருடம் இப்படியே பழகியவனுக்கு வீட்டுக்குள் வந்ததும் வேட்டியை மாற்றுவதுபோல் புத்தியை மாற்றிக்கொள்ள வராது. எனக்கும் வரவில்லை.

எனக்கு ஒரே மகள். மயிலாடும்பாறையில் கட்டிக் கொடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை அங்கே தக்காளியும் வெங்காயமும் போடுகிறவர். வீட்டில் அவருடைய அம்மா, அதாவது என் சம்பந்தியம்மா. என் மனைவி, மகள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். அதனால் மகளுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது ஒரு போன் மட்டும்தான். சாயங்காலம் பால் கறந்து முடித்ததும் அவள் கூப்பிடுவாள். நான் பம்பு செட்டு மேடையில் உட்கார்ந்து, அன்றைக்கு நடந்ததை எல்லாம் சொல்வேன். அவளும் சொல்வாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். என் நாளில் உருப்படியான நேரம் அதுதான்.

ஒரு பருவத்தில் அவள் குரல் இறங்க ஆரம்பித்தது. முதலில் நான் கவனிக்கவில்லை. பிறகு கவனித்தேன், கவனித்ததும் விடவில்லை. போர்வைக்குள் படுத்துக்கொண்டு பேசுகிறவள்போல் இருந்தது. சொற்களின் நுனி எல்லாம் மழுங்கி, உள்ளே இருக்கும் முனகல் மட்டும் வந்தது. ஏன் தாயி சத்தமே வரல என்று கேட்டேன். அவள் ஏதோ பதில் சொன்னாள். அந்தப் பதிலும் கேட்கவில்லை. திருப்பிக் கேட்டால் அங்கே அவள் பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்து, சரி சரி என்று வைத்துவிட்டேன்.

பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று நான் எப்படி முடிவு செய்தேன் என்று கேட்டால், குரல் இறங்கியிருக்கிறதே, வேறு என்ன காரணம் இருக்க முடியும் என்பதுதான் என் பதிலாக இருந்தது. கலகலவென்று பேசுகிற பிள்ளை. நாலு தோட்டம் தள்ளி நின்று கூப்பிட்டாலும் கேட்கும். அப்பேர்ப்பட்டவள் இப்படி முனகுகிறாள் என்றால், அந்த வீட்டில் அவளை வாயைத் திறக்க விடவில்லை. எனக்கு இது பகல்போலத் தெரிந்தது. சம்பந்தியம்மா கல்யாணத்தன்றைக்கே பந்தியில் என் ஆட்களை இரண்டாம் வரிசைக்குத் தள்ளியவர். அதையும் இதோடு சேர்த்துக்கொண்டேன்.

போன் கெட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. சோதித்தும் பார்த்தேன். மணி அடித்தால் அடுத்த தோட்டத்துக்குக் கேட்டது. பாட்டுப் போட்டால் மோட்டார் சத்தத்தையும் மீறிக்கொண்டு வந்தது. ஆக, போனில் ஒரு பழுதும் இல்லை என்று தீர்த்துவிட்டேன். ஸ்பீக்கரில் போட்டு மகளிடம் ஒருதரம் பேசியிருந்தால் விஷயம் அன்றைக்கே விளங்கியிருக்கும். ஆனால் நான் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவன் இல்லை. திராட்சைப் பந்தலுக்கு அடியில், குலையில் நெருக்கிக் கிடக்கும் காய்களைக் கிள்ளிவிட வந்தவர்கள் பத்துப் பேர் நிற்பார்கள். இருபது காதுக்கு முன்னால் வீட்டு விஷயத்தைப் பேச எனக்குப் பைத்தியமா என்ன?

அந்தச் சமயத்தில் குரல் இறங்கியது மகளுக்கு மட்டும் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குமுளிப் பக்கமிருந்து பேசும் வியாபாரியும் மென்று முழுங்கிப் பேசினான். விலையை மறைக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். உரக்கடைக்காரர் குரல் கம்மியது. மருந்து பழைய சரக்கு, அதனால் தயங்குகிறார் என்று எடுத்துக்கொண்டேன். தேனி மார்க்கெட்டில் இருக்கும் என் மச்சான் பேசியதும் பாதிதான் கேட்டது. அவன் எப்போதும் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். இத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தொண்டை கட்டியிருக்குமா என்று ஒரு கேள்வி வர வேண்டாமா? வரவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு திருட்டுத்தனம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். இன்றைக்கு நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. பொறுக்க முடியாமல் என் சித்தப்பா மகனைக் கூப்பிட்டேன். எனக்குத் தம்பி முறை. ஆண்டிப்பட்டியில் விதைக்கடை வைத்திருக்கிறான். வெங்காய விதை விஷயமாகப் போவதுபோல் மயிலாடும்பாறைக்குப் போய், அந்த வீட்டில் என் மகள் எப்படி இருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் பக்குவமாக விசாரித்துவிட்டு வா என்றேன். பக்குவமாக என்று நான் இரண்டு தடவை சொன்னேன். போய்விட்டு வந்து நேரில் சொன்னான். பிள்ளை நன்றாக இருக்கிறது, சிரித்துப் பேசியது, சம்பந்தியம்மா இலை போட்டுக் கறிச்சோறு போட்டார், ஒரு குறையும் இல்லை என்றான். கறிச்சோறு என்றதும் எனக்கு அவன் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. சோற்றைப் போட்டு வாயை அடைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து, தோட்டத்தில் காய் கிள்ள வந்த ஒரு அம்மா, வீட்டுக்குப் பேச வேண்டும் என்று என் போனை வாங்கினார். காதில் வைத்தார், எடுத்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடியும் வைத்தார். எதுவுமே கேட்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, மேலே கோடு மாதிரி இருக்கும் ஓட்டையில் மஞ்சளாக என்னமோ அடைத்திருக்கிறது என்றார். அவருக்கு ஏன் என் போனைப் பற்றி இவ்வளவு அக்கறை என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் போன பிறகு வெயிலில் வைத்துப் பார்த்தேன். திரைக்கு மேல் விளிம்பில் மெல்லிசாக ஒரு கோடு இருக்கும் அல்லவா, அந்தக் கோடு முழுக்க மஞ்சளும் சாம்பலுமாகக் கட்டிப்போய்க் கிடந்தது.

கொடிக்குத் தூவும் கந்தகத் தூள்தான் அந்த மஞ்சள். சாம்பல் நோய்க்காக நாங்கள் தூவுவது. போன் எப்போதும் என் சட்டைப் பையில் செங்குத்தாக நிற்கும், அந்தக் கோடு வானம் பார்த்தபடி. மேலே இருந்து தூள் கொட்டக் கொட்ட அதுவும் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. சாம்பல் நிறம் நான் காலையில் அள்ளிப் பூசும் திருநீறு. இரண்டையும் சேர்த்துக் குழைக்கக் காதோரத்து வியர்வை இருக்கவே இருக்கிறது.

உடனே வாயால் ஊதினேன். எச்சில் தெறித்து அந்தக் கோடு ஈரமானதுதான் மிச்சம். பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. முதுகில் மாட்டித் தூள் தூவும் மெஷின் கொட்டகையில் இருந்தது. தூள் வரும் வழியை அடைத்துவிட்டு வெறும் காற்றை மட்டும் விட்டால், புயல் மாதிரி வரும். அரை நொடியில் அத்தனையும் பறந்துவிடும். மெஷினை இழுத்து ஸ்டார்ட் செய்து, குழாய் வாயை அந்தக் கோட்டுக்கு நேராகப் பிடித்து, கொடுத்தேன் ஒரு விசை. குழாய்க்குள் நேற்றுத் தூவியதன் மிச்சம் ஒட்டிக் கிடக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். முப்பது வருடமாகத் தெரியும். அந்த நிமிடத்தில் மட்டும் தெரியவில்லை. போன், என் கை, என் மூக்கு எல்லாம் மஞ்சள். துடைத்துவிட்டுக் காதில் வைத்தால் முனகலும் போய் சுத்தமாக மௌனம்.

மறுநாள் காலை பஸ் ஏறிக் கம்பம் போனேன். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் ஒரு செல்போன் சர்வீஸ் கடை. முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி நடத்துகிறாள். இந்த மாதிரிக் கடைகளில் கண் இமைப்பதற்குள் பேட்டரியை மாற்றிவிடுவார்கள், நல்ல ஸ்பீக்கரைக் கழற்றிக்கொண்டு மட்டமானதை வைத்துவிடுவார்கள் என்று எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அதனால் போனைத் திறந்தால் தெரிந்துவிடட்டும் என்று பின்பக்க மூடி சேரும் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன். அவள் போனை வாங்கித் திருப்பியதும் முதலில் பார்த்தது அந்தப் பொட்டைத்தான். மேஜை விளக்கைக் கொஞ்சம் என் பக்கமாகத் திருப்பி, அவள் கை வேலை செய்வது எனக்குத் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டாள். என்னை மாதிரி ஆட்களை அவள் நிறையப் பார்த்திருப்பாள்போல.

என்ன பழுது என்றாள். போன் நல்ல போன்தான், மணி நன்றாக அடிக்கிறது, பேச்சு மட்டும் கேட்கவில்லை என்றேன். அவள் தன் போனிலிருந்து கூப்பிட்டு, என்னையே எடுக்கச் சொன்னாள். காதில் ஒன்றுமில்லை. ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். அவள் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"ஐயா, மணி அடிக்கிறது கீழ இருக்குற ரிங்கர்ல. நீங்க காதுல வச்சுப் பேசுறது மேல இருக்குற இந்தக் கோட்டுல. ரெண்டும் வேற வேற ஸ்பீக்கர். கீழ நல்லாயிருக்குன்னா மேலயும் நல்லாயிருக்கும்னு அர்த்தம் இல்ல."

இரண்டு மாதமாக நான் கட்டிய சந்தேகக் கோட்டை முழுக்க அந்த மணிச் சத்தத்தின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது. இருந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. இவள் வேலை பிடிப்பதற்காகச் சொல்கிறாளோ என்று அப்போதும் உள்ளே ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருந்தது.

போனை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தாள். கந்தக வாடை அடிக்கிறதே, மெஷினில் காற்று ஏதும் அடித்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் என்னையே பார்த்தாள். கொஞ்சமாக அடித்தேன் என்றேன். டயருக்குக் காற்றுப் பிடிக்கும் கடையில் கொண்டுபோய் அடித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறாளாம், தூள் மெஷினில் அடித்துவிட்டு வந்தவர் நான்தான் முதல் ஆளாம். அந்தக் கோட்டுக்குள் தலைமுடியைவிட மெல்லிசாக ஒரு வலை இருக்கிறது, வேகமான காற்று அதைப் பிய்த்துவிடும், பிய்க்காவிட்டாலும் மேலே கிடக்கும் தூசியை அதற்குள் ஏற்றிவிடும் என்றாள்.

போனை அணைக்கச் சொன்னாள். நானே அணைத்தேன். பிறகு உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பவுச்சைக் கழற்றினாள். திரைமேல் ஒட்டியிருந்த கண்ணாடியின் மேல் விளிம்பு அந்தக் கோட்டை ஒட்டியே இருந்தது. அந்த இடுக்கிலும் தூள் வரம்பு கட்டியிருந்தது. கண்ணாடியை உரித்து எடுத்துவிட்டு, லென்சு வைத்த விளக்கை இழுத்து அடியில் பிடித்து, நீண்ட நேரம் பார்த்தாள். வலை கிழியவில்லை, உங்கள் நல்ல நேரம் என்றாள். நானும் பார்க்க வேண்டும் என்றேன். பார்க்கச் சொன்னாள். லென்சில் அது மாவு சல்லடை மாதிரி தெரிந்தது. அதன் கண் எல்லாம் அடைத்துக் கிடந்தது.

எனக்குப் பொறுமை இல்லை. இடுப்பில் காய் கிள்ளுகிற சின்னக் கத்தரி இருந்தது, ஊசி மாதிரி நுனி. இதை விட்டு ஒரு கீறு கீறினால் வந்துவிடுமே என்று எடுத்து நீட்டினேன். அவள் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நோண்டுனா வலை கிழிஞ்சுரும் ஐயா. அப்புறம் தூசி நேரா உள்ள போய் உக்காந்துக்கிரும். இப்ப உங்க ஸ்பீக்கரக் காப்பாத்திக்கிட்டு இருக்குறதே அந்த வலைதான்."

அப்படியானால் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்துத் துடைத்துவிடு என்றேன். அதுவும் கூடாதாம். இவ்வளவு தூள் கிடக்கும்போது ஈரம் பட்டால் அது பசையாகி, வலைக் கண்ணுக்குள் இறங்கி, அங்கேயே காய்ந்துவிடும். நான் வாயால் ஊதியதையே அவள் விரும்பவில்லை. அந்த ஈரம் முழுக்கக் காயட்டும் என்று கொஞ்ச நேரம் மேஜையில் சும்மா வைத்திருந்தாள். நான் சிவப்புப் பொட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு போனைக் குப்புறப் பிடித்தாள். கோடு தரையைப் பார்க்கிற மாதிரி. கழன்று வரும் தூள் கீழே விழ வேண்டுமே தவிர உள்ளே போகக் கூடாது, அதற்காக. கையில் ஒரு பிரஷ், உலர்ந்தது, பிஞ்சுக் குழந்தையின் தலைமுடி மாதிரி மெத்தென்று இருந்தது. அதை அமுக்கவே இல்லை. கோட்டின் நீளவாக்கில், ஒரே திசையில், பட்டும் படாமலும் இழுத்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் மேஜையில் விரித்திருந்த வெள்ளைத் தாளில் மஞ்சளாகக் கொஞ்சம் உதிர்ந்தது. நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை பிரஷைத் தட்டிவிட்டு மறுபடியும். எனக்கு வேலை நகர்வதாகவே தெரியவில்லை. வேண்டுமென்றே இழுக்கிறாளோ என்று நினைத்தேன். எதற்கு இழுக்க வேண்டும் என்பதற்கு மட்டும் என்னிடம் காரணம் இல்லை.

உதிர்வது நின்றதும், பெயிண்டர்கள் ஓரத்தில் ஒட்டுகிற காகித டேப்பில் விரல் அகலத்துக்குத் துண்டு கிழித்தாள். பசைப் பக்கத்தை அந்தக் கோட்டின் மேல் மெதுவாக வைத்து, அழுத்தித் தேய்க்காமல், ஒரு தட்டுத் தட்டி நேராக மேலே எடுத்தாள். டேப்பில் மஞ்சள் கோடு ஒன்று பதிந்து வந்தது. ஒருமுறை ஒட்டிய துண்டைத் திரும்ப ஒட்டவில்லை, ஒவ்வொரு தடவையும் புதுத் துண்டு. மறுபடி பிரஷ், மறுபடி டேப். மஞ்சள் குறைந்து, சாம்பல் குறைந்து, கடைசித் துண்டு வெறுமையாக வந்தது. லென்சில் பார்த்தாள். நானும் பார்த்தேன். சல்லடையின் எல்லாக் கண்ணும் திறந்திருந்தது. ஒரு ஸ்குரூவைக்கூட அவள் கழற்றவில்லை. என் சிவப்புப் பொட்டுக்கு ஒரு வேலையும் இல்லாமல் போய்விட்டது.

போனை ஆன் செய்யச் சொல்லிவிட்டு, தன் போனோடு சந்துக்கு இறங்கிப் போய் அங்கிருந்து கூப்பிட்டாள். காதில் வைத்தேன். கேக்குதா ஐயா என்றாள். கேட்டது. அவளுக்குப் பின்னால் போகிற பஸ்ஸின் ஹாரன் கேட்டது, யாரோ வாழைப்பழம் விலை கேட்டது கேட்டது. இவ்வளவு தெளிவாக ஒரு மனிதக் குரலை அந்த போனில் கேட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. அப்படியானால் என் மகள் இரண்டு மாதமும் சாதாரணமாகத்தான் பேசியிருக்கிறாள்.

கூலியென்று அவள் கேட்டது ஒரு டீ, வடைக் காசுதான். அந்த மஞ்சள் பதிந்த டேப் துண்டுகளில் ஒன்றைத் தாளில் மடித்துத் தரச் சொன்னேன். எதற்கு என்றாள். இருக்கட்டும் என்றேன். எதற்கும் ஒரு சாட்சி வைத்துக்கொள்வது என் வழக்கம். இனிமேல் போனைத் தலைகீழாகப் பையில் போடுங்கள், தூள் தூவும் நாளில் தோட்டத்துக்குக் கொண்டுபோகவே வேண்டாம், வாரம் ஒருதரம் உலர்ந்த பிரஷால் இதே மாதிரி தட்டிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு தூண் ஓரமாக நின்று மகளைக் கூப்பிட்டேன். மத்தியான நேரம். நான் அந்த நேரத்தில் கூப்பிடுகிறவன் இல்லை. எடுத்தாள். அடுப்பில் குக்கர் விசில் அடிப்பது கேட்டது. முற்றத்தில் கோழி கொக்கரிப்பது கேட்டது. எல்லாம் துல்லியமாகக் கேட்டது. அவள் குரல் மட்டும் இறங்கியிருந்தது. நிஜமாகவே இறங்கியிருந்தது.

"அப்பா, சித்தப்பாவ வேவு பாக்கவா அனுப்புனீக? அடிக்கிறாகளா, பட்டினி போடுறாகளான்னு தெருப் பூரா கேட்டுட்டுப் போயிருக்காக. அத்தை அன்னைலருந்து எங்கிட்ட முகம் குடுத்துப் பேசல. நாந்தான் உங்ககிட்டக் கோள் சொன்னேன்னு நினைக்கிறாக."

அவன் வந்து போன நாள் வரைக்கும் அங்கே யாராவது உன்னை ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். அதன் பிறகுதான் என்றாள். அத்தை காதில் விழாமல் இருக்கப் பின்கட்டுக்கு வந்து பேசுவதாகச் சொன்னாள். சித்தப்பா வந்து போன பிறகு கூப்பிட்ட நாட்களில் இதை இரண்டு தடவை என்னிடம் சொல்லிவிட்டாளாம். நான் சரி சரி என்று வைத்துவிட்டேனாம். அப்பாவுக்குத் தெரிந்தும் ஒன்றும் சொல்லவில்லையே, அப்படியானால் வேண்டுமென்றுதான் செய்திருக்கிறார் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். என் பிள்ளைதானே, அவளுக்கும் அப்படித்தான் யோசிக்க வரும். எனக்கு அங்கேயே அழுகை வந்தது. பஸ் ஸ்டாண்டில் அழ வெட்கமாக இருந்ததால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

நான் அங்கன வர்றேன், யாரிடமும் எதுவும் சொல்லாதே என்று சொல்லிவிட்டுத் தேனி பஸ்ஸில் ஏறினேன். தேனியில் இறங்கி அடுத்த பஸ் பிடித்தேன். கண்டமனூர் தாண்டுகிற வரைக்கும், சம்பந்தியம்மாவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சித்தப்பா மகன் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. அவன் பக்குவமாக விசாரிக்கவில்லை என்பது உண்மைதானே. கடமலைக்குண்டு தாண்டியதும் அதை விட்டுவிட்டேன். அவனை அனுப்பியவன் நான்.

சம்பந்தியம்மா வாசலில் தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தார். வாங்க என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் தக்காளிப் பக்கம் குனிந்துகொண்டார். மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். நான் சுற்றி வளைக்கவில்லை. போனில் இவள் குரல் அமுங்கிக் கேட்டது, நான் தப்பாக நினைத்துவிட்டேன், ஆள் அனுப்பியதும் நான்தான், இவள் என்னிடம் ஒரு சொல் குறை சொன்னதில்லை என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு நோஞ்சான் காரணம் என்று எனக்கே தெரிந்தது. அதனால் சாட்சியை எடுத்தேன். பையிலிருந்து தாளைப் பிரித்து, மஞ்சள் படிந்த டேப் துண்டை அவரிடம் நீட்டினேன். இவ்வளவும் போனுக்குள் கிடந்தது என்றேன்.

அவர் அதைக் கையில் வாங்கவில்லை. தக்காளியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இது எங்க வீட்டுத் தூசி இல்லையே சம்பந்தி."

அவ்வளவுதான் சொன்னார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். சம்பந்தியம்மா மருமகளைப் பார்த்து, உங்கப்பாவுக்கு இலையப் போடு என்றார். ரசமும் கத்தரிக்காய்ப் பொரியலும். சாப்பிட்டேன். சாயங்காலம் மாப்பிள்ளை வண்டியில் கொண்டுவந்து பஸ் ஏற்றிவிட்டார். மருந்து தூவும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள் மாமா என்று மட்டும் சொன்னார்.

அந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் இப்போது நன்றாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஏனென்றால் எனக்கே கேட்கிறது. அன்றைக்கு நான் கிளம்பும்போது சம்பந்தியம்மா என் மகளிடம் ஒரு ஏற்பாடு சொன்னார். இனிமேல் அப்பா கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசு, அவருக்கு நன்றாகக் கேட்கட்டும், எங்களுக்கும் கேட்கட்டும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நியாயமாகவே சொன்னார். மகள் சரி அத்தை என்றாள்.

அன்றைக்கிருந்து சாயங்காலம் அவள் கூப்பிட்டால், எடுத்ததும் நடுவீட்டுச் சத்தம் எல்லாம் சேர்ந்து வருகிறது. டிவி ஓடுவது, சம்பந்தியம்மா இருமுவது, மாப்பிள்ளை வந்து செருப்பைக் கழற்றுவது. மகள் கணீரென்று பேசுகிறாள். மழை பெய்ததா, மாடு கறக்கிறதா, உடம்பு எப்படி என்று கேட்கிறாள். ஒரு எழுத்து பிசகாமல் எனக்குக் கேட்கிறது. வாரம் ஒருதரம் வெள்ளிக்கிழமை காலையில், போனை அணைத்துக் குப்புறப் பிடித்து, மெத்தென்ற பிரஷால் அந்தக் கோட்டை நீளவாக்கில் தட்டிவிடுகிறேன். பேரன் வரப் போகிறான் என்ற செய்தியைக்கூட மூன்று பேர் குரலில்தான் கேட்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் என் மகள் என்னிடம் மட்டும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தால், அதற்கு இப்போது வழி இல்லை. அந்த வழியை அடைத்தது தூள் இல்லை, நான்தான்.